‘மதி வீடு’ ஏன் ‘மின்மினி’ ஆனது: ஒரு பாலர் பள்ளிக்குப் பெயர் வைத்த கதை

உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் பாலர் பள்ளி திறக்க இருந்த ஓர் அக்கா, போன வருடம் என்னிடம் பெயர்ப்பலகைக்கு விலை கேட்டு வந்தார். பதினெட்டு வருடம் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர், இப்போதுதான் சொந்தமாகத் தொடங்குகிறார். பலகையின் நீளம், விளக்கு, செலவு எல்லாம் பேசி முடித்த பிறகு கைப்பேசியில் லோகோவைக் காட்டினார். வட்டமான எழுத்து, மேலே ஒரு பிறைநிலா, பார்க்க அழகாகத்தான் இருந்தது. எழுத்து மட்டும் `Mati House` என்று இருந்தது.

எனக்கு ஒரு நொடி பேச்சே வரவில்லை.

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலாயில் ‘மாத்தி’ என்றால் சாவு. வேலை ஏதாவது சொதப்பினால் சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லாரும் ‘மாத்தி லா’ என்று சொல்கிற ஊர் இது. அக்காவுக்கும் அந்தச் சொல் நன்றாகத் தெரியும், ஆனால் அவர் மனதில் இருந்தது ‘மதி வீடு’. மதி என்றால் நிலா, மதி என்றால் அறிவு, வீடு என்றால் பாதுகாப்பு, ஆக மூன்றும் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்திருக்கிறார். முதலில் `Mathi` என்றுதான் எழுதியிருந்தாராம். லோகோ போட்டுக் கொடுத்தவர் சென்னையில் இருக்கிறவர், h இல்லாவிட்டால் சீனப் பெற்றோருக்கு வாசிக்கச் சுலபம் என்று நல்லெண்ணத்தில் அதை எடுத்துவிட்டிருக்கிறார், இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு அக்கா சரி என்று பதில் போட்டுவிட்டார். தமிழாகவே அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மலாய்ச் சொல் தெரியவே இல்லை. நான் அதை வாய்விட்டு வாசித்த பிறகுதான் அவர் முகம் மாறியது. “தம்பி, இதைச் சட்டையில கூட அடிக்கச் சொல்லிட்டேனே” என்றார். நல்லவேளை, சட்டை இன்னும் அச்சாகவில்லை.

அன்றிலிருந்து ஆறு வாரம் நானும் அக்காவும் அவர் கணவரும் மாமியாருமாகச் சேர்ந்து பெயர் தேடினோம். நான் பலகை செய்கிறவன், பெயர் வைப்பது என் தொழில் இல்லை. ஆனால் இத்தனை வருடம் பலகை செய்ததில், எந்தப் பெயரைக் கடை வாசலில் நிற்கிறவர்கள் தடுமாறாமல் வாசிக்கிறார்கள், எதை வாசிக்காமலே கடந்து போகிறார்கள் என்று ஓரளவு தெரியும். அந்த ஆறு வாரத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதல் சிக்கல் அக்கா போட்டிருந்த நிபந்தனை. பெயரைக் கேட்டதும் பெற்றோருக்கு அன்பும் தெரிய வேண்டும், பிள்ளை பத்திரமாக இருக்கும் என்றும் தோன்ற வேண்டும், ஏதாவது கற்றுக்கொள்ளும் என்றும் புரிய வேண்டும். மூன்றும் நியாயமான ஆசைதான். ஆனால் மூன்றையும் மூன்று சொல்லாக வைத்தால் பெயர் ஒரு விளம்பர நோட்டீஸ் மாதிரி ஆகிவிடுகிறது. இந்தத் தொழிலின் மூலவரே அந்த வழியில் போய்த் திரும்பியவர். ஜெர்மனியில் ஃப்ரோபல் 1837-இல் சின்னப் பிள்ளைகளுக்கான இடத்தைத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர், பராமரிப்பு, விளையாட்டு, செயல்பாடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிற நீண்ட நிறுவனப் பெயர். 1840-இல் அதை எடுத்துவிட்டு ‘கிண்டர்கார்டன்’ என்று வைத்தார், பிள்ளைகளின் தோட்டம். தோட்டம் என்றதும் மண், வெயில், வேலி, தண்ணீர் ஊற்றுகிற ஓர் ஆள், மெல்ல வளர்கிற செடி, எல்லாம் மனதில் வந்துவிடுகிறது. அன்பு என்றோ பாதுகாப்பு என்றோ கல்வி என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் திறந்த முதல் இடத்தின் பெயரும் அப்படித்தான், ‘பிள்ளைகளின் வீடு’ என்றுதான் அதற்கு அர்த்தம்.

இதை அக்காவிடம் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போனது. சரி, ஒரே ஒரு படம் தேடுவோம் என்று முடிவானது. அவரவர் எழுதியதைச் சேர்த்தால் நாற்பதுக்கு மேல் சொற்கள் இருந்தன, அதில் பாதிக்கு மேல் ஒரே மாலையில் விழுந்தன. அந்த மாலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி நான்கு மொழி பேசுகிறவர்கள் முன் வைக்கும்போது என்ன ஆகிறது என்பதை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர் இருந்தோம். நாங்கள் நான்கு பேர் போக, அடுத்த வீட்டு மலாய் மக்சிக். மாடியில் இருக்கிற சீனத் தோழி ஒருவர் தொலைபேசியில். ஒவ்வொரு சொல்லையும் தமிழில் சொல்லாமல், ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, ஒன்றும் விளக்காமல், வாசிக்கச் சொன்னோம். தொலைபேசியில் இருந்தவருக்கு ஒவ்வொரு தாளையும் படமெடுத்து அனுப்பினோம்.

`Poonthottam`, பூந்தோட்டம். ஃப்ரோபலுக்கு நேர் வாரிசு, மாமியாரின் தேர்வு. சீனத் தோழி முதல் மூன்று எழுத்தோடு நின்றுவிட்டார். ஆங்கிலத்தில் அது பிள்ளைகள் மலத்துக்குச் சொல்கிற சொல். நான்கு வயதுப் பிள்ளைகள் நிறைந்த இடத்தில் அந்தப் பலகையை மாட்டினால் தினமும் சிரிப்புத்தான். பூங்காவும் பூஞ்சோலையும் அதோடு சேர்ந்து போயின.

`Kili`, கிளி. எங்களுக்குப் பச்சைக்கிளி, வாசிக்கிறவருக்கு நான்கு எழுத்தில் மூன்று, கொலை என்கிற `Kill`. `Mala`, மாலா, மலர் என்பதைச் சுருக்கியது. இந்த ஊரில் அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் கோப்பிக்கடையில் நாக்கு மரத்துப்போகிற அளவுக்குக் காரமான சீன மாலாதான் ஞாபகத்துக்கு வரும். `Mulai`, முளை. இதை அக்காவின் கணவர் ஆசையாக எழுதியிருந்தார், மலாயிலும் அதே எழுத்துக்குத் தொடங்கு என்று பொருள், அருமையான பொருத்தம் என்றார். மக்சிக்கும் தலையாட்டினார். ஆனால் ஆங்கில எழுத்தில் ள-வும் ல-வும் ஒன்றுதான், தமிழ்ப் பெற்றோர் அதை எப்படி வாசிப்பார்கள் என்று மாமியார் மெதுவாகச் சொன்னதும் தாள் மடிந்தது. மற்ற மொழிக்காரர்களுக்குச் சரியாக இருந்து சொந்த மொழிக்காரர்களிடம் தோற்ற பெயர் அது ஒன்றுதான்.

`Mazhalai` மீது எனக்கே பெரிய ஆசை இருந்தது. மழலை என்ற சொல்லுக்கு இணையாக ஒன்றும் இல்லை, தமிழ்த் தாய் ஒருவர் அதைக் கேட்டால் அங்கேயே மனம் இளகிவிடும். ஆனால் மக்சிக் அதை ‘மஸ்-ஹா-லாய்’ என்று வாசித்தார், தோழி இரண்டு முறை முயன்று விட்டுவிட்டார். ழகரத்தை எழுத ஆங்கிலத்தில் வழி இல்லை. பெற்றோர் ஒருவர் இன்னொருவரிடம் வாயால் சொல்ல முடியாத பெயரைச் சிபாரிசு செய்யவும் முடியாது, பாலர் பள்ளிக்குப் பிள்ளைகள் வந்து சேர்வது பெரும்பாலும் மின்தூக்கியிலும் விளையாட்டுத் திடலிலும் பெற்றோர் பேசிக்கொள்வதால்தான். அந்தச் சொல்லை விட மனமில்லாமல், தமிழ் வகுப்பு அறைக்கு ‘மழலை’ என்று வைத்துக்கொள்வது என்று அக்கா எழுதிவைத்தார். இப்போது அந்த அறைக் கதவில் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது.

அடுத்து விழுந்தவை ஒலியால் விழவில்லை, பழைய நினைவால் விழுந்தன. ‘அன்பு இல்லம்’ என்று ஒன்று இருந்தது. உச்சரிக்க எளிது, பொருளும் நல்லது, மாண்டிசோரியின் வீட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அக்காவின் தங்கை அதைக் கேட்டதும் “முதியோர் இல்லமா?” என்றார். தமிழில் ‘இல்லம்’ என்ற சொல்லோடு ஆதரவற்றோர், முதியோர் எல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டது, என்ன அழகான சொல்லாக இருந்தாலும் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ‘தொட்டில்’ இன்னும் நுணுக்கமானது. இங்கே பிறந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. சேலத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிற ஒரு தாய் மட்டும் முகம் சுளித்தார், காரணம் கேட்டபோது தொட்டில் குழந்தைத் திட்டம் என்றார். 1992-இல் தமிழ்நாட்டில், பெண் சிசுக் கொலையைத் தடுக்க, வேண்டாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று கொண்டுவந்த திட்டம். அவர் ஊரில் தொட்டில் என்றால் விட்டுப்போன பிள்ளை. ‘கூடு’ கடைசி வரை நின்றது. பறவைக் கூடு, கதகதப்பு, பாதுகாப்பு எல்லாம் இருந்தது. மாமியார்தான் எலும்புக்கூட்டையும் கூண்டையும் ஞாபகப்படுத்தினார். அவர் பேசப் பேச, அகராதியைவிட ஒரு பாட்டியின் காது எவ்வளவு கூர்மை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கடைசியில் நான்கு மிஞ்சின. கூடு, அன்பு (இல்லம் இல்லாமல்), அறிவு என்று தொடங்கும் ஒன்று, மின்மினி. இவற்றோடு ஆங்கிலத்தில் ஒன்றும் சேர்த்தோம், ‘சேஃப் நெஸ்ட்’, பாதுகாப்பு என்ற சொல்லையே பெயரில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க.

இங்கேதான் கேட்கிற விதத்தை மாற்றினோம். ‘இந்தப் பெயர் பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் எல்லாரும் பிடித்திருக்கிறது என்பார்கள், அது மரியாதை. அதனால் அக்காவுக்குத் தெரிந்தவர்களின் நண்பர்களாகப் பார்த்து, அக்காவையே தெரியாத பன்னிரண்டு பெற்றோரிடம், ஆளுக்கொரு தாளைக் கொடுத்து மூன்று கேள்வி கேட்டோம். காலை எட்டு மணிக்கு அந்த வாசலில் உங்கள் பிள்ளையை வாங்கிக்கொள்ள யார் நிற்பார்? பத்து மணிக்குப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கும்? அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு எத்தனை வயது? பெயரைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே சொல்வதெல்லாம் பெயரிலிருந்து வந்ததுதான்.

‘சேஃப் நெஸ்ட்’ தாளுக்கு வந்த பதில்கள் இன்னும் என் குறிப்பில் இருக்கின்றன. வாசலில் யார்? “கேட்டில் பூட்டு இருக்கும், பஸ்ஸரை அடிக்கணும்.” பத்து மணிக்கு? “உள்ளே இருப்பான், கேமரா இருக்கும்.” ஒரு தந்தை திருப்பி எங்களையே கேட்டார், “அங்கே ஏதாவது நடந்திருக்கா, ஏன் இதைப் பெயரிலேயே போட்டிருக்காங்க?” பாதுகாப்பைச் சொல்லால் சொன்னதும் அவர் மனதில் ஆபத்து வந்துவிட்டது. பெற்றோர் தானாக உணர வேண்டியதை நாம் முந்திக்கொண்டு சொன்னால் சந்தேகம் வருகிறது.

அறிவு என்று தொடங்கிய பெயருக்கு எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே பதில். ஏழு வயது, எட்டு வயது, மேசை நாற்காலி, பயிற்சித்தாள். துணைப்பாட நிலையம் என்று நினைத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் ஒவ்வொரு கடைத்தொகுதி மாடியிலும் நான்கு துணைப்பாட நிலையம் இருக்கிறது, ‘அறிவு’, ‘ஞானம்’, ‘வித்யா’ எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. பதினெட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிற தாய்க்கு அந்தச் சொல் எதையும் தரவில்லை.

அன்புக்கு நல்ல பதில்கள் வந்தன, வாசலில் வயதான ஓர் அம்மா நிற்பார் என்றார்கள், சாப்பாடு ஊட்டுவார் என்றார்கள். ஆனால் பத்து மணிக்குப் பிள்ளை என்ன செய்யும் என்றதும் “தூங்கும்” என்று வந்தது, இரண்டு முறை. பாசமாகப் பார்த்துக்கொள்கிற இடம், அவ்வளவுதான். கூட்டுக்கும் ஏறக்குறைய அதே பதில்தான்.

மின்மினி என்ற தாளைப் பார்த்த தமிழ்ப் பெற்றோர் பத்து மணிக்கு என்ன என்ற கேள்விக்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொன்னார்கள். “ஓடிக்கிட்டிருக்கும்.” “எதையாவது பிடிக்கப் போயிருக்கும்.” ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருட்டு ரூம்ல டார்ச் வைச்சு நிழல் பார்த்துக்கிட்டிருப்பாங்க” என்றார். அக்கா அதைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தார், ஏனென்றால் நிழல் விளையாட்டு அவருடைய பாடத்திட்டத்தில் உண்மையாகவே இருந்தது. கல்வி என்று ஒரு சொல்லும் இல்லாமல் பிள்ளை ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு காட்சி வந்துவிட்டது. தமிழ் தெரியாதவர்களுக்கு மின்மினி தெரியாது, ஆனால் அவர்கள் அதில் ‘மினி’யைக் கேட்டார்கள், சின்னவர்கள் என்று புரிந்துகொண்டார்கள். சீனத் தோழி ‘மின்’ என்றால் சுறுசுறுப்பு என்ற பொருளிலும் ஓர் எழுத்து உண்டு, பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்தான் என்றார். மலாயில் மக்சிக்குக் கெட்ட பொருள் ஒன்றும் தோன்றவில்லை. வாசலில் யார் நிற்பார் என்ற கேள்விக்கு மட்டும் மின்மினியிடம் நல்ல பதில் இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெயரில் பெரியவர் யாரும் இல்லை, பிள்ளைகள் மட்டும்தான் இருக்கிறார்கள்.

அதனால் பாதுகாப்பைப் பெயரிலிருந்து எடுத்துப் பெயருக்குப் பக்கத்தில் வைத்தோம். பின்சொல்லும் பலகையின் இரண்டாம் வரியும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

பின்சொல்லில் அக்காவின் முதல் எண்ணம் ‘ப்ளே ஸ்கூல்’. சென்னையில் அது சரியாகப் புரியும், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் சில மணி நேரம் போய்வருகிற இடம். இங்கே ‘ப்ளேகுரூப்’ என்பது வகுப்பின் பெயர், பதினெட்டு மாதம் ஆன பிள்ளைகள் சேர்கிற முதல் வகுப்பு, அதற்குப் பிறகு நர்சரி ஒன்று, இரண்டு, கே ஒன்று, கே இரண்டு என்று போகும். பலகையில் ‘ப்ளே’ என்று இருந்தால், கே இரண்டு வரை இங்கேயே படிக்கலாம் என்பது பெற்றோருக்குத் தெரியாமல் போகிறது, மூன்று வயதில் வேறு இடம் தேட வேண்டுமோ என்று யோசிக்கிறார்கள். ‘கிண்டர்கார்டன்’ என்றால் சில மணி நேரம்தான், வேலைக்குப் போகிற தாய் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவார். ‘சைல்ட்கேர்’ முழுநாளையும் சொல்கிறது, ஆனால் பராமரிப்பு மட்டும் என்ற தொனி வருகிறது. கடைசியில் ‘ப்ரீஸ்கூல்’ என்று வைத்தோம், கீழே ‘18 மாதம் முதல் 6 வயது வரை, முழுநாள்’ என்று ஒரு வரி. அந்த வரியில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் தெளிவாகப் பேசுகிற இடத்தில் பிள்ளையைக் கொண்டுவிட யாருக்கும் தயக்கம் குறைவு. தமிழில் ‘பாலர் பள்ளி’ என்று அதே பலகையில் இருக்கிறது, அந்தச் சொல்லுக்கு இங்கே இன்னும் நல்ல மதிப்பு உண்டு.

தமிழ்ப் பெயர் வைத்தால் மற்ற இனப் பிள்ளைகள் வருவார்களா என்று அக்காவின் கணவருக்கு ஒரு பயம். பார்ட்லி ரோட்டில் ராமகிருஷ்ண மிஷன் நடத்துகிற சாரதா கிண்டர்கார்டனைச் சொன்னேன், அது இந்தியப் பெயர்தான், ‘சா-ர-தா’ என்று யாரும் மூன்று அசையில் சொல்லிவிடலாம். எந்த மொழிப் பெயர் என்பதைவிட வாயில் நிற்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

வாய் என்றதும், பிள்ளைகளின் வாயையும் பார்த்தோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ம, ப, ன, த எல்லாம் வந்துவிடும், ர, ழ, ஆங்கிலத்தின் ‘த்ரீ’ என்பதில் வருகிற ஒலி எல்லாம் தாமதம். தன் பள்ளியின் பெயரைப் பிள்ளையே வீட்டில் சொல்ல வேண்டும், அதைவிடப் பெரிய விளம்பரம் பெற்றோருக்கு இல்லை. மின்மினியில் இருப்பது ம, ன இரண்டு மட்டும்தான், இரண்டும் சீக்கிரம் வருகிற ஒலி.

அடுத்தது தொலைபேசிச் சோதனை, இதில் ஓர் ஓட்டை தெரிந்தது. ‘மின்மினி ப்ரீஸ்கூல், வணக்கம்’ என்று அக்கா சொல்ல, பத்துப் பேரைக் கேட்டு எழுதச் சொன்னோம். மூன்று பேர் `Minimini` என்று எழுதினார்கள். மினி என்ற பழக்கமான சொல் காதை இழுத்துவிடுகிறது. தமிழ் தெரியாதவர்களுக்கு ‘மினி’ செய்த உதவிக்குக் கொடுக்கிற விலை இது. பெயரை மாற்றவில்லை. இணைய முகவரி வாங்கும்போது தவறான எழுத்திலும் ஒன்று வாங்கி, சரியான முகவரிக்குத் திருப்பிவிட்டோம். தொலைபேசியில் அக்கா இப்போது ‘மின்’ என்பதில் ஒரு சின்ன இடைவெளி விட்டுச் சொல்கிறார்.

பதிவு வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனங்களைப் பதிகிற அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் நிறுவனப் பெயருக்கு விண்ணப்பிக்க 15 வெள்ளி, ஒப்புதல் கிடைத்தால் 120 நாள் பெயர் நம் கையில் இருக்கும், அதற்குள் நிறுவனத்தைப் பதிய வேண்டும். ‘பிரைவேட் லிமிடெட்’ போன்ற ஒட்டுகளை நீக்கிவிட்டுத்தான் ஏற்கெனவே இருக்கிற பெயரோடு ஒப்பிடுவார்கள், ஆகவே ஒட்டை மாற்றித் தப்பிக்க முடியாது. கல்வி தொடர்பான சொல் பெயரில் இருந்தால் வேறு அரசு அமைப்புக்கு அனுப்பிக் கேட்பதும் உண்டு, அப்போது பதினான்கு நாளிலிருந்து இரண்டு மாதம் வரை ஆகலாம், அதற்குள் பலகைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பின் உரிமம் தனி. 2019 ஜனவரியிலிருந்து குழந்தைப் பராமரிப்பு நிலையமும் கிண்டர்கார்டனும் ஒரே சட்டத்தின் கீழ் வருகின்றன.

வணிகச் சின்னத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாலர் பள்ளியின் சின்னத்தை இரண்டு சேவை வகுப்பில் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கற்பித்தல் 41-ஆம் வகுப்பு, பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு 43-ஆம் வகுப்பு. ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டு மற்றதில் இன்னொருவர் இருப்பதைப் பிறகு கண்டுபிடித்தால் வருத்தம்தான். இன்னொன்று, தமிழ்ச் சொல்லைப் பதியும்போது அதன் ஆங்கிலப் பொருளையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். இரண்டு சின்னங்கள் ஒத்திருக்கின்றனவா என்று இங்கே தோற்றம், ஒலி, கருத்து மூன்றையும் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அதனால் `Minmini` என்று மட்டும் தேடினால் போதாது, `Firefly` என்றும் தேட வேண்டும், நாங்கள் இரண்டிலும் இரண்டு வகுப்பிலும் தேடிப் பார்த்த பிறகுதான் விண்ணப்பம் போட்டோம். ‘மழலையர் பள்ளி’ மாதிரி வெறும் விவரிக்கிற பெயராக இருந்தால் அதைத் தனக்கென்று பதிவது கடினம், இதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு மட்டும் மின்மினியில் ஒரு குறை இருந்தது. “அது அணைஞ்சு அணைஞ்சுதானே எரியும்” என்றார். அக்கா உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்குக் குரல் செய்தி அனுப்பினார், பிள்ளைகளும் அப்படித்தான் தம்பி, ஒரு நாள் எல்லாம் சொல்லும், மறுநாள் ஒன்றும் சொல்லாது, அதற்காக அதற்குத் தெரியாது என்று அர்த்தமில்லை, என்று. அதை அறிமுகக் கூட்டத்தில் பெற்றோரிடமும் சொல்லப்போகிறேன் என்றார், சொல்லவும் செய்தார். மாமியார் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பலகை மாட்டுகிற அன்று தேங்காய் வாங்கி வந்தது அவர்தான்.

பலகையில் எல்லாம் சிறிய எழுத்து, `minmini`. வரிசையாக i, n, m என்று நிமிர்ந்த கோடுகள் வருவதால் எழுத்துகளுக்கு நடுவே வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டேன், இல்லாவிட்டால் பத்து மீட்டர் தூரத்தில் வேலி மாதிரி தெரியும். முதலில் அட்டையில் வெட்டி, எதிர் புளோக்கின் கீழிருந்து பார்த்து, இரண்டு முறை திருத்தினோம். மூன்று i-யின் புள்ளியும் மஞ்சள், மற்றது கரும்பச்சை. அதற்குக் கீழே வயதும் நேரமும், புளோக் எண்ணும், தொலைபேசி எண்ணும். வாசலில் யார் நிற்பார் என்ற கேள்விக்குப் பதிலாக, கண்ணாடிக் கதவில் பெரியவர் கண் உயரத்தில், காலையில் பிள்ளையை வாங்கிக்கொள்கிற ஆசிரியையின் படமும் பெயரும் ஒட்டியிருக்கிறது. அது அக்காவின் யோசனை, நான் ஒட்டிக் கொடுத்தேன்.

திறந்து இரண்டாம் வாரம் ஒரு விளக்கைச் சரிபார்க்கப் போயிருந்தேன். சுமார் இரண்டு வயதுச் சீனப் பிள்ளை ஒன்று பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. வாசலுக்குப் பத்தடி தூரத்திலேயே மஞ்சள் புள்ளியைக் காட்டி “மிம்மி” என்றது. பாட்டியும் ஆமாம், மிம்மி என்றார். அக்கா கதவைத் திறந்துகொண்டே, அந்தப் பக்கத்தில் இப்போது எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.